ஆறு மதிப்பெண்ணுக்கு ஆறு பாயிண்ட்

ஊரில் இருந்த காலத்தில் நான்கு வருடம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போயிருக்கிறேன். மே மாத வெயிலில், தலைக்கு மேல் கடகடவென்று ஆடும் மின்விசிறியின் கீழே, ஒரு கட்டை முடித்து நிமிர்ந்தால் அடுத்த கட்டு வந்துவிடும். ஆறு மதிப்பெண் கேள்வி என்றால் விடைக்குறிப்பில் ஆறு பாயிண்ட் இருக்கும். தலைப்புக்கு அரை, விளக்கத்துக்கு அரை. அந்த ஆறும் எங்கே இருக்கின்றன என்று கண் தேடும். எண் போட்டு, அடிக்கோடிட்டு, பாயிண்டுக்குப் பாயிண்ட் ஒரு வரி இடம் விட்டு எழுதியவனுக்கு மதிப்பெண் தானாக விழும். இரண்டு பக்கத்துக்கு ஒரே பத்தியாக எழுதியவனின் தாளில் தேட வேண்டும். தேடுவேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நூற்றைம்பதாவது தாளில் எவ்வளவு தேடியிருப்பேன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

அதனால் எனக்கு நீளப் பத்தி என்றாலே பற்றிக்கொண்டு வரும். அபுதாபியில், முசஃபா பக்கம் இந்த இந்தியப் பள்ளிக்கு வணிகவியல் டீச்சராக வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் சிவப்புப் பேனாவைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'ஸ்டோரி' என்று ஓரத்தில் எழுதிக் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுவேன். என் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு அழாத பிள்ளை குறைவு. அழட்டும், தேர்வில் அழாமல் இருந்தால் சரி என்பது என் நியாயம்.

ஒரு ஜனவரி மாலை ஸ்டாஃப் ரூமின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கேஜி வகுப்பில் உதவியாளர். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளும் அவள்தான். மன்னார்குடிப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். எத்தனையோ நாள் வராந்தாவில் பார்த்துச் சிரித்திருக்கிறோம், உட்கார்ந்து பேசியதில்லை. கையில் மடித்த இரண்டு காகிதம் வைத்திருந்தாள்.

முதல் காகிதம் பள்ளியின் சுற்றறிக்கை. அடுத்த கல்வியாண்டிலிருந்து கேஜி உதவியாளர்கள் எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், ஜூலை முடிவதற்குள் சான்றிதழைக் கொடுக்காதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இரண்டாவது, திறந்தநிலைப் பள்ளித் தேர்வு முடிவு. மெட்ரிகுலேஷன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது கல்யாணம் ஆகிவிட்டவள், அக்டோபரில் இங்கேயே உட்கார்ந்து ஐந்து பாடம் எழுதியிருந்தாள். நான்கில் தேர்ச்சி. வணிகவியலில் ஆறு மதிப்பெண் குறைவு.

"ஏப்ரல்ல திரும்ப எழுதலாங்கறாங்க மிஸ். அதுதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா அடுத்தது அக்டோபருக்குத்தான். அதுக்குள்ள என்னை அனுப்பிடுவாங்க."

"வீட்டுக்காரர் இங்கதான இருக்காரு?"

"இங்கதான் மிஸ், கராஜ்ல. ஆனா எம் பொண்ணு இந்த ஸ்கூல்ல படிக்கிறதே நான் ஸ்டாஃபுங்கறதாலதான். எனக்கு வேலை இல்லன்னா நானும் அவளும் ஊருக்குப் போயிடணும். அவரு பழையபடி லேபர் கேம்புக்குப் போயிடுவாரு. எட்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம். போன்லயே." சுற்றறிக்கையை மறுபடி மடித்தாள். "திரும்ப அந்த எட்டு வருஷம் வேணாம் மிஸ்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து மாலை நாலரை மணிக்கு வரச் சொன்னேன். பேருந்து கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும்.

முதல் நாள் ஒரு கேள்வி கொடுத்து எழுதச் சொன்னேன். அதிகார ஒப்படைப்பின் முக்கியத்துவத்தை விளக்குக, ஆறு மதிப்பெண். மேலே இருப்பவர் தன் வேலையில் ஒரு பங்கையும், அதைச் செய்வதற்கான அதிகாரத்தையும் கீழே இருப்பவரிடம் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். பாடத்தில் மிகச் சுலபமான கேள்விகளில் ஒன்று.

அவள் எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். இரண்டு பக்கமும் கால் பக்கமும். ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே 'அண்ட்'டும் 'சோ'வும்தான், முற்றுப்புள்ளியைக் காணோம். முழுக்க அவளுடைய கேஜி வகுப்புதான். இருபத்தைந்து பிள்ளைகளையும் டீச்சர் ஒருத்தரே கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் பாடம் எப்போது நடத்துவது, அதனால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் யாரையும் கேட்காமல் நானே நர்ஸிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார். என்னை நம்பிக் கொடுத்த பிறகு எனக்கே ஒரு உற்சாகம் வந்தது. இப்படியே போனது அந்த நதி.

"இது என்னம்மா, லெட்டரா எழுதிருக்கிய?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும்.

"நிறைய எழுதினாதான் மிஸ் மார்க்கு போடுவாங்கன்னு நெனச்சேன். போன தடவை அடிஷனல் ஷீட்டு நாலு வாங்குனேன்."

"நாலு ஷீட்டு வாங்கி ஆறு மார்க்க விட்டிருக்கிய. திருத்துறவங்களுக்குக் கத படிக்க நேரம் கெடையாது. கேள்விக்கு வலதுபக்கம் போட்டிருக்கற நம்பரப் பாருங்க. ஆறுன்னா ஆறு பாயிண்ட். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அன்றைக்கு அவள் கண் முன்னாலேயே அந்தப் பத்தியை அறுத்தேன். இதில் எனக்குக் கை தேர்ச்சி உண்டு. முதலில் புதிதாக ஒரு விஷயம் தொடங்கும் இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடு. பிறகு ஒவ்வொரு துண்டிலும் அதன் உயிரான வரிக்கு அடிக்கோடு. பிறகு ஓரத்தில் எண். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது: மேலாளரின் சுமை குறைகிறது, ஒன்று. நர்ஸிடம் ஓடுவது: முடிவுகள் விரைவாக எடுக்கப்படுகின்றன, இரண்டு. உற்சாகம்: ஊழியருக்கு ஊக்கம், மூன்று. யார் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்ததால் டீச்சரும் அவளும் பேருந்து ஓட்டுநரும் குழம்பாமல் வேலை செய்தது ஒருங்கிணைப்பு. இரண்டாக இருந்த கேஜி பிரிவுகள் நான்கானபோதும் சமாளித்தது நிறுவனத்தின் வளர்ச்சி. ஆக ஐந்து. மீதியை எல்லாம் 'ஸ்டோரி' என்று எழுதிக் குறுக்கே கிழித்தேன்.

ஆறாவதைப் பாடப்புத்தகத்திலிருந்து நானே எடுத்துச் சேர்த்தேன். நிர்வாகப் படிநிலைக்கு அடித்தளமாகிறது. அதை நடுவில், நான்காவதாக வைத்தேன், சொந்தச் சரக்கு வரிசையாகப் போய்க் கடைசியில் இது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டாமே என்று. இரண்டே கால் பக்கம் பன்னிரண்டு வரியாகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரு வரி விளக்கம்.

அவள் அந்தப் பன்னிரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அழகா இருக்கு மிஸ்," என்றாள். "ஆனா யாரோ எழுதின மாதிரி இருக்கு."

"யார் எழுதினா என்ன, மார்க்கு ஒங்களுக்குத்தான வரப்போவுது," என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படியே முழுப் பாடத்தையும் செய்தோம். ஒவ்வொரு நாளும் அவள் ஒரு பத்தி எழுதுவாள், நான் அதை அறுத்துப் பாயிண்ட் ஆக்குவேன், அவள் அதை ஒரு நோட்டில் படியெடுத்து மனப்பாடம் செய்வாள். ரமலான் வந்து பள்ளி நேரம் குறைந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இரண்டரை மணிக்கே பேருந்து திரும்பிவிடும். ஸ்டாஃப் ரூமின் உள்ளே நோன்பு இருப்பவர்கள் கண்ணில் படாமல் பேன்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தேநீரைக் குடித்துவிட்டு உட்காருவோம். மூன்று மதிப்பெண்ணுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு. மார்ச் கடைசியில் அந்த நோட்டு நிறைந்துவிட்டது. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் விரலை மடக்கி மடக்கி ஒப்பிப்பாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த நோட்டை அடுத்த வருடம் பிள்ளைகளுக்கே பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அவளை என் வீட்டுக்கு வரச் சொல்லி முழுத் தேர்வு வைத்தேன். மூன்று மணி நேரம், உண்மையான தேர்வு போலவே. சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு நான் அடுக்களையில் இருந்தேன். தைரியம் வரட்டும் என்று ஆறு மதிப்பெண்ணில் அதே அதிகார ஒப்படைப்பை வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

மூன்று மணி நேரம் கழித்துத் தாளை வாங்கினேன். 1, 2, 3 இருந்தது, அழகான கையெழுத்தில், அடிக்கோட்டோடு. பிறகு 4 என்று எழுதி ஒரு அடைப்புக்குறி. அதற்குப் பிறகு வெற்றுத்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வேறொரு கேள்வியில் 1, 2 இருந்தது, 3 என்ற எண் மட்டும் தனியாக நின்றது, கீழே ஒன்றுமில்லை. இன்னொன்றில் 1 கூட இல்லை. கடைசி நான்கு கேள்விகளைத் தொடவேயில்லை. கூட்டிப் பார்த்தேன். அக்டோபரில் வாங்கியதைவிடக் குறைவு. நான் கைவைக்காமல் இருந்திருந்தாலே அவள் இதைவிட நன்றாக எழுதியிருப்பாள்.

பத்து நாளில் என்ன செய்வது என்று பயந்துபோனேன். அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது, என் சுபாவம் அப்படி.

"நாலாவது வரலன்னா அஞ்ச எழுத வேண்டியதுதான? அஞ்சு தெரியுமா தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும் மிஸ்."

"ஆறு?"

"தெரியும்."

"பின்ன ஏன் எழுதல? என்ன செஞ்சீங்க இவ்ளோ நேரம்?"

"நாலத் தேடிக்கிட்டு இருந்தேன்."

"மூணு மணி நேரமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கத்தினேன். பத்து நாள்தான் இருக்கிறது, என் நேரம், உங்கள் பெண்ணின் படிப்பு, உங்கள் வீட்டுக்காரர் கேம்புக்குப் போகப்போகிறார் என்று என்னென்னவோ சொன்னேன். அவர்கள் குடும்பக் கஷ்டத்தை எடுத்து அவள் மேலேயே எறிந்தேன். சொல்லி முடித்த பிறகு என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "பஸ்ஸுல அப்படித்தான் மிஸ். ஏறும்போது இருபத்தெட்டுன்னா எறங்கும்போதும் இருபத்தெட்டு இருக்கணும். ஒண்ணு கொறஞ்சா பஸ்ஸு நகரக் கூடாது. சீட்டுக்கு அடியில, பின்னாடி சீட்டுல, எல்லாம் பாக்கணும். தூங்கிட்டிருக்கும். ஒரு பிள்ளைய விட்டுட்டு இருபத்தேழு இருக்கேன்னு கெளம்ப முடியுமா? எல்லா சீட்டையும் பாத்தாச்சுன்னு அமுக்கற பட்டன் ஒண்ணு பஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கு, அத அமுக்கினாதான் டிரைவரு கதவையே பூட்டுவாரு." கையை விரித்தாள். "நீங்க நம்பர் போட்டுக் குடுத்தீங்களா, அதுல ஒண்ணு காணும்னா எனக்கு அடுத்ததுக்குக் காலு நகர மாட்டேங்குது. எண்ணி எண்ணிப் பாக்கறேன். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணறேன். கதையா எழுதினப்ப அப்படி இல்ல, ஒண்ணு மறந்தாலும் எனக்கே தெரியாது, அதுபாட்டுக்குப் போயிடும்."

வருடக் கணக்கில், ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒன்று குறைந்தால் நகரக் கூடாது என்று பழக்கப்பட்ட ஒருத்தியிடம் நான் எண்களைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தப் பாலைவன வெயிலில் பூட்டிய பேருந்துக்குள் ஒரு பிள்ளை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் செய்யும் வேலையிலேயே மிக நல்ல குணம் அது. அதைத்தான் நான் அவள் கழுத்தில் கயிறாக மாட்டிவிட்டிருந்தேன்.

அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, ஜனவரியில் அவள் எழுதிய அந்தப் பழைய தாளைக் கோப்பிலிருந்து தேடி எடுத்தேன். ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்றுதான். இரண்டேகால் பக்கத்தையும் முதல் தடவையாகப் படித்தேன். ஆமாம், முதல் தடவை. ஜனவரியில் நான் தேடினேனே தவிரப் படிக்கவில்லை.

இரண்டாவது பக்கத்தின் கீழே, என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் சில வரிகள் இருந்தன. "முதல் வருடம் எனக்குப் பிள்ளையின் பெயர்ச்சீட்டை ஒழுங்காகக் குத்தத் தெரியாது. டீச்சர் ஒவ்வொரு வேலையாக என்னிடம் கொடுக்கக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். போன மாதம் டீச்சர் திடீரென்று லீவு போட்ட அன்று, வேறு டீச்சர் வரும்வரை இருபத்தைந்து பிள்ளைகளையும் பாட்டும் கதையுமாக நானே பார்த்துக்கொண்டேன்." ஓரத்தில் என் கையெழுத்தில் 'ஸ்டோரி'.

அது கதை இல்லை. பாடப்புத்தகத்திலேயே இருக்கிற பாயிண்ட். ஒப்படைப்பதால் கீழே இருப்பவர் திறமை வளர்கிறது, பெரிய பொறுப்புக்குத் தயாராகிறார். விடைக்குறிப்பில் தவறாமல் இருக்கும். அவள் ஆறையும் அவளாகவே எழுதியிருக்கிறாள். அதில் ஒன்றை நான் அடித்துப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் அவளுக்கு ஒட்டாத ஒன்றைக் கொண்டுவந்து நட்டிருக்கிறேன். அவளுக்கு மறந்துபோனதும் சரியாக அதுதான். அவள் வாழ்க்கையில் இல்லாத ஒன்று எப்படி ஞாபகத்தில் நிற்கும்?

இந்தப் பாடத்தில் ஒரு விஷயத்தை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவேன். அதிகாரத்தை ஒப்படைக்கலாம், வேலையை ஒப்படைக்கலாம், ஆனால் முடிவுக்குப் பதில் சொல்லும் கடமையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. கத்தியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இது பாயிண்டுதான்மா. நான்தான் தெரியாம அடிச்சிட்டேன்."

அவள் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "பரவால்ல மிஸ்," என்றாள். பிறகு, "அப்ப ஆறும் என்கிட்டயே இருந்துச்சா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

அந்த நோட்டை ஓரம் கட்டினோம். பத்து நாளில் புதிதாக மனப்பாடம் செய்ய வைக்க முடியாது, அதற்கு நேரமும் இல்லை, எனக்குத் துணிச்சலும் இல்லை. வேறொரு வழியில் போனோம். கேள்வியைப் படித்ததும் முதலில் அவள் தனக்குள்ளேயே கதையைச் சொல்லிக்கொள்ள வேண்டும், அவள் கேஜி வகுப்பையோ வீட்டுக்காரரின் கராஜையோ வைத்து. எங்கே புது விஷயம் தொடங்குகிறதோ அங்கே சாய்கோட்டை அவளே போட வேண்டும். தாளின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு சொல். பிறகு அதைப் பார்த்துத் தலைப்பு, ஒரு வரி விளக்கம். எண் போடவே கூடாது. பாயிண்டுக்குப் பாயிண்ட் இடம் மட்டும் விட வேண்டும். எல்லாக் கேள்வியும் எழுதி முடித்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக எண் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒன்று குறைந்தால் நான்கு வரி இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

"இடத்த விட்டுட்டுப் போனா, அது அங்கேயே இருக்குமா மிஸ்?"

"எங்கயும் போவாது. பேப்பர யாரும் பூட்டிட்டுப் போக மாட்டாங்க. கடைசில நீங்கதான் திரும்பி வந்து பாக்கப்போறீங்க."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி இடத்தைத் தாண்டும்போது அவள் முகம் மாறும். பேனா அங்கேயே வட்டமிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து "யல்லா, யல்லா" என்று இந்த ஊர் அரபியில் விரட்டுவேன். நாள்கள் ஓடின. ஒருநாள் தேறுவாள், மறுநாள் தேற மாட்டாள். கடைசி மாதிரித் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. அதை அவளிடம் சொல்லாமல் தேறிவிட்டதாகச் சொன்னேன். என் ஆசிரிய வாழ்க்கையில் கூட்டலில் நான் சொன்ன ஒரே பொய் அது.

தேர்வு அன்று எனக்கு வகுப்பு இருந்தது. ஒன்றும் ஓடவில்லை. பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை எழுத வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாருக்கும் 'ஸ்டோரி' போடவில்லை, அது அவர்களுக்கே ஆச்சரியம். மாலையில் அவள் போன் வந்தது. பின்னால் டாக்ஸிகளின் சத்தம்.

"அந்தக் கேள்வி வந்துச்சு மிஸ். ஒப்படைப்பு. ஆறு மார்க்கு."

"எழுதிட்டீங்களா?"

"அஞ்சுதான் வந்துச்சு. எது இல்லன்னு தெரியல. நாலு வரி விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்." மூச்சு வாங்கினாள். "கடைசில மணி அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கையில திரும்பி வந்தேன். அப்பத்தான் நீங்க செவப்புல அடிச்சீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. பெயர்ச்சீட்டு. அத எழுதிட்டேன். நம்பர் போட நேரம் இல்ல மிஸ். போடல."

"பரவால்லம்மா," என்றேன்.

ஜூன் முழுவதும் முடிவு வரவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மனிதவள அலுவலகத்திலிருந்து அவளுக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் வந்தது, சான்றிதழ் எங்கே என்று. மூன்றாவது தடவை கேட்டபோது நான் போய் அந்த அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். ஜூலை இருக்கிறதே, ஜூலை என்றுதானே போட்டிருக்கிறீர்கள் என்று வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், உறுதி எதுவும் தரவில்லை. ஊருக்குப் போகாமல் நானும் இங்கேயே இருந்தேன். வெளியே காலை ஆறு மணிக்கே அனல். என் வீட்டுக்காரர் கேட்டார், நம் பெண்ணுக்குக்கூட நீ இப்படிக் காத்திருந்ததில்லையே என்று. உண்மைதான். என் பெண்ணின் தாளில் நான் எதையும் அடிக்கவில்லை.

ஜூலை நடுவில் ஒரு மதியம் முடிவு வந்தது. அவள் பதிவெண்ணை வைத்து நானே பார்த்தேன், மூன்று தடவை பார்த்தேன். வணிகவியலில் தேர்ச்சி. சரியாகத் தேர்ச்சி மதிப்பெண். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. கராஜில் இருந்த அவள் கணவரைக் கூப்பிட்டேன். பாஸ் என்றேன். பின்னால் ஏதோ இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது. "பாஸாம்," என்று அவர் யாரிடமோ சொன்னார். அன்று மாலை அவள் மகளோடு வந்தாள். இங்கேயே வளர்ந்த அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தடுமாறும். "தேங்க்யூ மிஸ், வி ஆர் நாட் கோயிங்," என்று மட்டும் சொன்னது.

அவர்கள் போன பிறகு அந்தப் பழைய தாளை எடுத்தேன். ஒரு மதிப்பெண் குறைந்திருந்தாலும் போயிருக்கும். அது எந்த மதிப்பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாமே சமம், எந்தக் கேள்வியின் எந்த வரியாகவும் இருக்கலாம் என்று ஒரு கணக்காகச் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த ஒரு மதிப்பெண் பெயர்ச்சீட்டுக் குத்தத் தெரியாத முதல் வருடத்தைப் பற்றிய அந்த வரிகளுக்குத்தான் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

இப்போதும் பிள்ளைகளின் பத்திகளைப் பாயிண்ட் ஆக்கத்தான் செய்கிறேன். மதிப்பெண் அப்படித்தான் விழும், அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் சாய்கோட்டை அவர்களையே போடச் சொல்கிறேன். சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன்பு ஒருமுறை முழுதாகப் படிக்கிறேன். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சில வரிகளுக்குக் குறுக்கே என் கோடு போகிறது, அதன் ஓரத்தில் அந்தச் சொல். அழித்துப் பார்த்தேன், அழியவில்லை. தாள்தான் கொஞ்சம் கிழிந்தது.